இடுப்பு எங்கே, பாவாடை எப்படி

மேற்கத்திய கவுன்களை விற்கும் கடையில், கழுத்துச் சீட்டில் ஏ-லைன், எம்பயர், ஷீத், ஃபிட் அண்ட் ஃப்ளேர் என்று நான்கு பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். நான்கையும் நான்கு தனித்தனி ரகம் என்று எடுத்துக்கொள்வதால்தான் குழப்பம் வருகிறது. எம்பயர் என்பது இடுப்புத் தையல் எங்கே விழுகிறது என்பதை மட்டும் சொல்கிறது. ஏ-லைன் பெரும்பாலும் பாவாடை விரியும் விதத்தைச் சொல்கிறது. மற்ற இரண்டும் இரண்டையும் சேர்த்துச் சொல்கின்றன. ஆகவே ஒரே கவுன் எம்பயராகவும் ஏ-லைனாகவும் இருக்கலாம். அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

முதலில் உங்கள் இயல்பான இடுப்பைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். நேராக நின்று ஒரு பக்கமாகச் சாயுங்கள். விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உடம்பு மடிகிற இடம்தான் அது. ஜீன்ஸ் உட்காரும் இடம் இதைவிடக் கீழே. அதை இடுப்பு என்று வைத்துக்கொண்டால் எல்லாக் கணக்கும் தவறிவிடும்.

எம்பயரில் தையல் இந்த இடத்துக்கு வராது. மார்புக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும். அங்கிருந்து துணி உடம்பைப் பிடிக்காமல் கீழே இறங்கும். நெப்போலியன் காலத்துப் பாரிஸில் பேரரசி ஜோசபின் அணிந்து பரப்பிய வடிவம் இது. அதற்கு முந்தைய 1790-களிலேயே தொடங்கிவிட்டது. 1804-ல் நடந்த நெப்போலியனின் முடிசூட்டு விழாவை ஓவியர் டாவிட் வரைந்த பெரிய படம் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அரசகுலப் பெண்கள் எல்லோருடைய உடையிலும் இந்த உயர்ந்த தையலைக் காணலாம். அந்தக் காலத்து உயர்குடிப் பெண்கள் விரும்பிய மெல்லிய மஸ்லின் துணி வங்காளத்திலிருந்தும் போனது. அவ்வளவு மென்மையான துணி மார்புக்குக் கீழே சுருக்குப் பிடித்தால் தானாக நீண்டு தொங்கும். இந்த வடிவத்துக்கு அது மிகவும் பொருந்தியது.

எம்பயரில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. ஆயத்த ஆடையின் மேல்பகுதி உங்களுக்கு உயரம் போதாமல் இருந்தால், தையல் மார்புக்குக் கீழே நிற்காமல் மார்பின் மேலேயே ஏறிவிடும். கண்ணாடியில் பக்கவாட்டில் நின்று பாருங்கள். தையல் முதுகில் நேராக ஓடி, முன்பக்கத்தில் மேலே வளைந்தால் அளவு சரியில்லை என்று பொருள். இன்னொன்று, நாடாவை மட்டும் மேலே வைத்துத் தைத்து எம்பயர் என்று விற்பார்கள். உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். அந்த நாடாவுக்குப் பின்னால் மேல்துணியும் கீழ்த்துணியும் இணையும் தையல் இல்லையென்றால் அது வெறும் அலங்காரம்.

ஷீத் எம்பயருக்கு நேர் எதிர். இடுப்பில் பெரும்பாலும் குறுக்குத் தையலே இருக்காது. தோளிலிருந்து முழங்கால் வரை துணி ஒரே துண்டாக ஓடும். உடம்பின் வளைவை டாட்டுகள்தான் கொண்டுவருகின்றன. இடுப்பில் அகலமாகவும் மேலும் கீழும் கூராகவும் முடியும் நீண்ட டாட்டுகள் அவை. பாவாடை நேராக இறங்கும், சில சமயம் முழங்காலில் இன்னும் குறுகும். 1961-ல் வந்த ஒரு படத்தில் ஆட்ரி ஹெப்பர்னுக்காக ஜிவான்ஷி வடிவமைத்த கறுப்பு உடை இந்த வகையின் நீண்ட வடிவம். டாட்டே இல்லாமல் தோளிலிருந்து நேராகத் தொங்குவது ஷிஃப்ட். அதை ஷீத் என்று வாங்கிவிடாதீர்கள்.

ஷீத்தின் பின்னால் ஒரு வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். நேரான பாவாடையில் அடி எடுத்து வைக்க இடம் வேண்டும். ஆறிலிருந்து எட்டு அங்குல வெட்டு இல்லாவிட்டால் பேருந்துப் படியில் ஏறுவது சிரமம். இடுப்புக்குக் கீழே இறுக்கமாக இருந்தால் நடக்க நடக்க உடை மேலே ஏறி, இடுப்பில் கிடைமட்டமாக மடிப்பு விழும். அந்த மடிப்பை இஸ்திரி போட்டுப் போக்க முடியாது. அளவு போதவில்லை என்பதே அதன் காரணம்.

இனி மிகவும் குழப்பம் தரும் இரண்டுக்கு வருவோம். ஏ-லைன் என்ற பெயரைப் பரப்பியவர் கிறிஸ்டியன் டியோர், 1955-ன் வசந்தகாலத் தொகுப்பில். அவருடைய மூல வடிவத்தில் விரிவு தோளிலிருந்தே தொடங்கியது. இன்று நாம் சொல்லும் ஏ-லைன் பெரும்பாலும் இடுப்பிலிருந்து விரிகிறது. ஃபிட் அண்ட் ஃப்ளேரிலும் இடுப்பு இறுக்கமாக இருந்து, கீழே விரிகிறது. அப்படியானால் வேறுபாடு எங்கே? விரிவின் அளவில்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இடுப்பு 28 அங்குலம். அதற்கு 8 அங்குலம் கீழே, பிட்டத்தின் சுற்றளவு 38. பாவாடை நீளம் 24. தளர்ச்சி எதுவும் விடவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஏ-லைனில் பக்கத் தையல் கிட்டத்தட்ட நேர்க்கோடு. 8 அங்குலத்தில் சுற்றளவு 10 அங்குலம் கூடியது. அதே கோட்டை நீட்டினால் 24 அங்குலத்தில் 30 கூடி, கீழ்விளிம்பு 58 ஆகிறது. இடுப்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இவ்வளவுதான் துணி என்பதால் சுருக்கோ கொசுவமோ தேவைப்படாது. பாவாடை மேசைமேல் தட்டையாகப் படுக்கும்.

அதே இடுப்புக்கு அரைவட்டப் பாவாடை வெட்டினால் கீழ்விளிம்பு சுமார் 103 அங்குலம் வரும். முழுவட்டமானால், நம் தையல்காரர்கள் அம்பிரல்லா கட் என்று சொல்வது, 179 அங்குலம். இவ்வளவு துணி உடம்பைச் சுற்றி நேராக நிற்க முடியாது, அலை அலையாக மடிந்துதான் விழும். இதுதான் ஃபிட் அண்ட் ஃப்ளேர். முழங்கால் நீளக் கவுனில் கீழ்விளிம்பு இடுப்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் போனால் நான் அதை ஏ-லைன் என்று ஏற்க மாட்டேன். கணுக்கால் நீளத்துக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. நீளம் கூடினால் ஏ-லைனின் விளிம்பும் தானே அகலும்.

ஹேங்கரில் தொங்கும்போது பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மெல்லிய ரேயானில் தைத்த அரைவட்டம் துவண்டு ஒட்டி, ஏ-லைன் போலவே தெரியும். விளிம்பின் வளைவோடு இஞ்ச் டேப்பை ஓடவிட்டு அளந்தால் ஏமாற மாட்டீர்கள். மணப்பெண் கவுன்களில் மட்டும் ஃபிட் அண்ட் ஃப்ளேரின் பிடிப்பு இடுப்போடு நிற்காமல் பிட்டத்தையும் தாண்டி இறங்கும்; விரிவும் அங்கேதான் தொடங்கும்.

வட்டப் பாவாடையைத் தைக்கக் கொடுப்பவர்களுக்கு ஒன்று. துணி சாய்வாக வெட்டப்படும் இடங்களில் தொங்கத் தொங்க நீளும். ஒரு நாள் தொங்கவிட்டு, அதன்பின் விளிம்பைச் சமன்செய்து மடிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டாவது தடவை உடுத்தும்போதே ஓரம் ஏற்ற இறக்கமாகத் தெரியும்.

வாங்கிய பிறகு மாற்ற நினைப்பவர்கள் இதையும் கவனியுங்கள். ஏ-லைனின் பக்கத் தையலை உள்ளே பிடித்து, பின்னால் ஒரு வெட்டு விட்டால் ஷீத்துக்கு அருகே கொண்டுவரலாம். ஷீத்தை ஏ-லைனாக்க முடியாது. விரிப்பதற்கு உள்ளே துணி இருக்காது. எம்பயரின் தையலையும் கீழே இறக்க வழியில்லை, மேல்பகுதி அந்த உயரத்துக்குத்தான் வெட்டப்பட்டிருக்கும். அதைக் கடையில் அணிந்து பார்க்கும்போதே முடிவு செய்துவிடுங்கள்.