மாடிக்கு ஏற வேண்டியது ரவுட்டர்

திருப்பூரை விட்டு வெளியே வந்து பல்லடம் தாண்டி குண்டடம் பக்கம் போகப் போக, தென்னந்தோப்புக்கும் சோளக்காட்டுக்கும் நடுவே தகரக் கூரை போட்ட பவர்டேபிள் யூனிட்டுகள் தென்படும். நான்கு ஓவர்லாக், நான்கு சிங்கர், ஒரு செக்கிங் மேசை, அவ்வளவுதான். ஆனால் டவுன் கம்பெனி அளவுப் பட்டியலை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறது. இ-வே பில் போட்டால்தான் வண்டி நகரும். ஃபைபர் கேபிள் அந்தத் தோட்டங்களுக்கு இன்னும் வரவில்லை. சிம் போட்ட ரவுட்டர்தான் ஒரே வழி. அந்த ரவுட்டருக்கு வெளியே ஆன்டெனா வைத்துக்கொடுப்பது என் வேலை என்பதால், அதைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

அப்படி ஒரு யூனிட்டில் ஓனர் என்னிடம், “ஏனுங்க, கடையில ஆன்டெனா வாங்கி வீட்டு மாடியில நட்டுட்டேன். முன்னைவிட மோசமாப் போச்சுங்க” என்றார். போய்ப் பார்த்தேன். ஆன்டெனா நல்ல ஆன்டெனாதான். அதிலிருந்து பதினைந்து மீட்டர் மெல்லிய கறுப்புக் கேபிள் இறங்கி, கீழே மேசைமேல் இருந்த ரவுட்டரில் முடிந்தது. கோளாறு அந்தக் கேபிளில்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். கடைகளில் ஆன்டெனாவோடு சேர்த்துக் கொடுக்கும் ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள், 1800 மெகாஹெர்ட்ஸ் அலையை மீட்டருக்கு ஏறக்குறைய முக்கால் டெசிபல் தின்றுவிடும். பதினைந்து மீட்டருக்குப் பதினோரு டெசிபல். அதாவது மேலே பன்னிரண்டு பங்கு சிக்னல் கிடைத்தால் கீழே ஒரு பங்குதான் வந்து சேரும். அந்த ஆன்டெனா கூட்டித் தருவதே ஒன்பது டெசிபல். கூட்டியதைவிடக் கழிந்தது அதிகம். எல்எம்ஆர்-400 என்று சுண்டுவிரல் பருமனில் ஒரு கேபிள் இருக்கிறது. அதில் இதே தூரத்துக்கு மூன்று டெசிபல்தான் போகும். ஆனால் விலை கூடுதல், வளைப்பதும் கடினம். போதாக்குறைக்கு 4ஜி ரவுட்டருக்கு ஒரே நேரத்தில் இரண்டு ஆன்டெனா வேண்டும் என்பதால் கேபிளும் இரண்டு வேண்டும்.

ஆகவே நான் செய்வது வேறு. ரவுட்டரையே மாடிக்கு ஏற்றிவிடுவேன். மாடிப்படி முடிகிற இடத்தில் கான்கிரீட் கூரையோடு ஒரு சின்ன அறை இருக்குமே, வெயில் படாத அந்த அறையின் சுவரில் ரவுட்டர். ஆன்டெனாவுக்கும் அதற்கும் நடுவே ஒன்றரை இரண்டு மீட்டர் கேபிள் போதும். அங்கிருந்து கீழே இறங்குவது சாதாரண லேன் கேபிள். அது நூறு மீட்டர் வரை வேகம் குறையாமல் கொண்டுவரும். தையல் கூடத்தில் ஒரு சிறிய வைஃபை பெட்டியை அதில் மாட்டிக்கொள்ளலாம். 2023-இல் வந்த ஏர்ஃபைபர் இணைப்பை யார் வீட்டிலாவது பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: அலையை வாங்கும் பெட்டி வெளியே மாடியில்தான் இருக்கும், உள்ளே வருவது லேன் கேபிள்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காசு செலவழிக்கும் முன், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து ரவுட்டரைக் கையிலேயே மாடிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். தகரக் கூரை அலையைத் திருப்பி அடித்துவிடும். அதன் அடியிலிருந்து வெளியே வந்தாலே பல இடங்களில் ஆன்டெனா இல்லாமல் வேலை முடிந்துவிடுகிறது.

முடிந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கோடுகளை எண்ணாதீர்கள். பிரவுசரில் 192.168.1.1 என்று, அல்லது ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியைப் போட்டு உள்ளே போனால், RSRP, SINR என்று இரண்டு எண்கள் தெரியும். முதலாவது, டவரின் அலை எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பது. அது மைனஸில் இருக்கும். மைனஸ் 80 நன்று, மைனஸ் 110 தாண்டினால் தடுமாற்றம். இரண்டாவது, அந்த அலை எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது. நிட்டிங் மிஷின்கள் ஓடும் கூடத்தில் ஒருவர் காதருகே வந்து கத்தினாலும் சொல் புரியாது. வெளியே வந்துவிட்டால் மெல்லப் பேசினாலும் புரியும். அந்தப் புரிகிற அளவுதான் SINR. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் மோசம், பதின்மூன்றைத் தாண்டினால் நன்று.

அந்த யூனிட்டில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுத் தகரத்துக்குக் கீழே பார்த்தபோது RSRP மைனஸ் 114, SINR ஒன்று. வெறும் ரவுட்டரை மாடிக்குக் கொண்டுபோனதும் மைனஸ் 103, ஐந்து. ஆன்டெனாவை மாட்டி, பக்கத்து டவரை நேராகப் பார்க்க வைத்ததும் மைனஸ் 94. ஓனருக்குச் சந்தோஷம். ஆனால் தெளிவு இன்னும் ஆறைத் தாண்டவில்லை. அதே திசையில் அதற்குப் பின்னால் இன்னொரு டவர் இருந்தது. இரண்டும் ஒரே அலைவரிசையில் மோதிக்கொண்டிருந்தன. ஆன்டெனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு நிமிடம் பொறுத்து எண்ணைக் குறித்துக்கொண்டே போனேன். தோப்பைத் தாண்டி வேறு பக்கம் இருந்த டவரை நோக்கியபோது பலம் மைனஸ் 97-க்கு இறங்கியது, தெளிவு பதினைந்துக்கு ஏறியது. அங்கேயே போல்ட்டை முடுக்கினோம். பலம் குறைந்த திசையில்தான் வேகம் கிடைத்தது. டவர்கள் எங்கே நிற்கின்றன என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ரவுட்டரின் முதுகில் திருகும் முனைகள் இருந்தால், அவை சிம்முக்கானவையா வைஃபைக்கானவையா என்று பாருங்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆன்டெனாவில், ஒரே அலைவரிசைக்குச் செய்த யாகியைவிட, 700 முதல் 2700 வரை வாங்கும் லாக் பீரியாடிக் நம் பக்கம் பயன்படும். கம்பெனிகள் 850, 1800, 2300 என்று பல அலைவரிசைகளில் மாற்றி மாற்றிக் கொடுக்கின்றன.

நேரம் ஆகிறது, ஆனாலும் காற்றைச் சொல்லாமல் விட முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் நம் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. அந்த ஆடிக்காற்று ஒற்றை கிளாம்பில் நிற்கும் ஆன்டெனாவைச் சத்தமில்லாமல் திருப்பிவிடும். ஆவணியில், “சிம் கம்பெனி சரியில்லீங்க” என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் ஆன்டெனா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு யு-கிளாம்ப் போடுங்கள். சரியான திசையைக் குழாயில் பெயின்ட்டால் குறித்து வையுங்கள். இரும்புக் குழாய்க்கு எர்த் கட்டாயம்.

ஆன்டெனா தீர்க்காத சிக்கலும் உண்டு. காலையில் நன்றாக ஓடி, சாயங்காலம் மட்டும் படுத்துவிட்டது, SINR மாறவே இல்லை என்றால், அந்த டவரில் கூட்டம். வேறு டவரையோ வேறு சிம்மையோதான் பார்க்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். சிக்னல் பூஸ்டர் என்று விற்கும் பெட்டியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். ரவுட்டரில் மாட்டும் ஆன்டெனா வேறு, அலையை வாங்கிப் பெருக்கித் திரும்ப வீசும் அந்தப் பெட்டி வேறு. உரிமம் இல்லாமல் அதை வைப்பது சட்டப்படி குற்றம், சுற்றியுள்ள தோட்டங்களின் சிக்னலையும் அது கெடுக்கும். முதலில் ரவுட்டரை மாடிக்குக் கொண்டுபோய் அந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கடைக்குப் போங்கள். உங்கள் யூனிட்டில் இ-வே பில் தடங்கலில்லாமல் இறங்கட்டும்.