பெரியவளான நாள் முதல் அதிக உதிரப்போக்கு

(அபர்டீன் பஜாரில் அங்கத்தினர் கூட்டத்தில் பேசியது)

தீவில் வசிக்கும் உங்களிடம் இன்னொரு தீவின் கதையைச் சொல்கிறேன். பின்லாந்தைச் சேர்ந்த ஓலாந்து தீவுகளில், குழந்தை முதலே அடிக்கடி ரத்தம் கசிந்த ஒரு சிறுமி இருந்தாள். அவள் குடும்பத்தை ஆராய்ந்த டாக்டர் எரிக் வான் வில்லிபிராண்ட், 1926-ல் அந்தப் பரம்பரை நோயை விவரித்தார். பிற்பாடு 13 வயதில், நான்காவது மாதவிலக்கில் ரத்தம் நிற்காமலே அவள் காலமானாள்.

ரத்தம் உறைய உதவும் ஒரு புரதத்தின் குறைவே காரணம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறை வந்தால் நோய் கடுமையாகும். ஆகவே சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்கள் கவனிக்க வேண்டும்.

"எங்காத்துப் பெண்களுக்கு எல்லாம் இப்படித்தான்" என்று பாட்டிமார் சொல்வார்கள். அந்த வார்த்தைதான் துப்பு! பெரியவளான நாள் முதல் 7 நாளுக்கு மேல் போக்கு, மணிக்கொரு நாப்கின், மூக்கில் ரத்தம், பல் பிடுங்கினால் நிற்காத ரத்தம் இவற்றை டாக்டரிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிளேட்லெட் எண்ணிக்கையும் சாதாரண உறைதல் சோதனையும் சரியாகவே வரலாம். 'வான் வில்லிபிராண்ட் ஃபாக்டர்' சோதனையைக் கேளுங்கள், வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய ரத்தநோய்ப் பிரிவுகளில் செய்கிறார்கள். உடம்பு சரியில்லாதபோதும் கர்ப்ப காலத்திலும் அந்த அளவு உயரும்; அப்போது சரியென்று வந்தால், பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

நோய் உறுதியானால் ஆஸ்பிரினைத் தவிர்க்க வேண்டும். டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையிலேயே பலருக்குப் போக்கு குறையும். இந்த நோயை அறியாமல் கர்ப்பப்பையை எடுக்கப் போனால், அந்த ஆபரேஷனிலேயே ரத்தம் நிற்காமல் போகக்கூடும். சோதனை முதலில், கத்தி பிறகு.