மூன்று தொகைகள், ஒரே கணக்கு: சம்பளச் சிட்டையிலிருந்து வரி அறிவிப்பு வரை

(பாரிஸ் லாச்சப்பலில் பெற்றோருக்கும் இளையோருக்குமாக நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒவ்வொரு ஆண்டும் வசந்தகாலத்தில் எமது வீடுகளில் ஒரே காட்சியைக் காணலாம். தந்தை கடிதக்கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். கணினி முன்னால் பிள்ளை அமர்ந்திருக்கும். "அப்பா, உங்கட வருச வருமானம் எவ்வளவு?" என்று பிள்ளை கேட்கும். தந்தை ஒரு தொகையைச் சொல்வார், தாய் வேறொன்றைச் சொல்வார், கடிதத்தில் மூன்றாவது ஒன்று இருக்கும். எது சரி என்ற வாக்குவாதம் தொடங்கிவிடும்.

மூன்றும் சரியாகவே இருக்கலாம். ஏனெனில் அவை ஒரே கணக்கின் மூன்று படிகள். முதலாவது மொத்த வருமானம். இரண்டாவது வரிக்குட்பட்ட வருமானம். மூன்றாவது செலுத்தவேண்டிய வரி. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்வோம். கணவன், மனைவி இருவரும் வேலை செய்கின்றனர். ஒரு பிள்ளை கொலேஜிலும் மற்றது லிசேயிலும் படிக்கின்றன. 2024ஆம் ஆண்டு வருமானத்துக்கு 2025இல் நடைமுறையில் இருந்த அளவுகளைக் கொண்டே கணக்கிடுகிறேன். இவ்வளவுகள் மாறக்கூடியவை, கணக்கின் படிகள் அப்படியே இருக்கும்.

முதற்படி: மொத்த வருமானம்

சம்பளச் சிட்டையின் மேற்பகுதியில் 'புறூட்' என்று காணப்படுவது மொத்தச் சம்பளம். எமது குடும்பத்தில் கணவனுக்கு ஆண்டுக்கு 40,000 யூரோ, மனைவிக்கு 27,000 யூரோ. மொத்தம் 67,000 யூரோ. இத்தொகை முழுவதும் எவருடைய கைக்கும் வருவதில்லை. ஓய்வூதியம் முதலிய சமூகப் பாதுகாப்புப் பங்களிப்புகள் இதிலிருந்து கழிக்கப்படுகின்றன. ஆகவே வேலை ஒப்பந்தத்தில் இருக்கும் இந்தத் தொகையை வரிப் படிவத்தில் எழுதக்கூடாது. எழுதினால் இல்லாத வருமானத்துக்கு வரி கேட்கப்படும்.

இரண்டாம் படி: வரிக்குட்பட்ட வருமானம்

சம்பளச் சிட்டையின் கீழ்ப்பகுதியில் 'நெத் அம்போசாபிள்' என்றொரு வரி உண்டு. படிவத்துக்குரிய தொகை இதுவே. எமது குடும்பத்தில் கணவனுக்கு 32,000, மனைவிக்கு 22,000, சேர்த்து 54,000 யூரோ எனக் கொள்வோம்.

வங்கிக் கணக்குக்கு வந்த பணம் இதைவிடக் குறைவாகவே இருக்கும். இதனைப் பார்த்து எம்மவர் பலர் குழம்புகின்றனர். இதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. சே.எஸ்.ஜே. என்ற சமூகப் பங்களிப்பின் ஒரு பகுதியும் சே.எர்.தே.எஸ். என்பதும் கையிலிருந்து பிடிக்கப்பட்டாலும், வரிக் கணக்கில் அவை உங்கள் வருமானமாகவே கொள்ளப்படுகின்றன. அத்துடன், 2019 சனவரி முதல் வருமான வரியும் மாதாமாதம் சம்பளத்திலேயே பிடிக்கப்படுகிறது. எனவே வங்கித் தாளைப் பார்த்து எழுதுபவர் தமது வருமானத்தைக் குறைத்துக் காட்டியவர் ஆகிறார். தொழில்தருநர் சரியான தொகையை வரி அலுவலகத்துக்கு ஏற்கனவே அனுப்பியிருப்பார். வேறுபாடு பின்னர் வட்டியுடன் வந்து சேரலாம்.

இந்த 54,000 யூரோவிலிருந்து தொழிற்செலவுக்கென 10 வீதம் கழிக்கப்படும். அதாவது 5,400 போக 48,600 யூரோ எஞ்சுகிறது. வேறு வருமானம் இல்லாத இக்குடும்பத்தின் வரிக்குட்பட்ட வருமானம் இதுதான். கவனியுங்கள்: இந்த 10 வீதத்தை வரி அலுவலகமே கழிக்கிறது. நீங்களும் கழித்து எழுதினால் இரு தடவை கழித்ததாகிவிடும்.

மூன்றாம் படி: செலுத்தவேண்டிய வரி

48,600 யூரோ என்பது வரி அல்ல. வரி கணக்கிடப்படும் அடித்தளம் மட்டுமே. பிரான்சில் இது குடும்பத்தின் பங்குகளால் வகுக்கப்படுகிறது. கணவன் மனைவிக்குத் தலா ஒரு பங்கு, முதலிரு பிள்ளைகளுக்குத் தலா அரைப் பங்கு. ஆக மொத்தம் மூன்று பங்குகள். ஒரு பங்குக்கு 16,200 யூரோ.

இந்த 16,200 யூரோவில் முதல் 11,497 யூரோவுக்கு வரியே இல்லை. அதற்கு மேலே, 29,315 யூரோ வரையான பகுதிக்கு 11 வீதம். ஆகவே மேலதிகமான 4,703 யூரோவுக்கு மட்டுமே வரி வருகிறது. அது ஒரு பங்குக்கு ஏறத்தாழ 517 யூரோ. மூன்று பங்குகளுக்கும் 1,552 யூரோ. சம்பளம் கூடினால் மேற்படிக்குப் போய் எல்லாவற்றுக்கும் கூடிய வரி கட்டவேண்டிவரும் என்று அஞ்சி மேலதிக வேலையை மறுப்போர் உண்டு. அந்த அச்சம் தவறானது. எல்லையைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமே அந்த வீதம் பொருந்தும்.

வரி குறைவாக உள்ள குடும்பங்களுக்கு 'டெகோத்' என்ற தள்ளுபடி தன்னியக்கமாகவே கிடைக்கிறது. தம்பதியருக்கு அது 1,470 யூரோவிலிருந்து வரியின் 45.25 வீதத்தைக் கழித்துவரும் தொகை. இங்கே அது 768 யூரோ. மீதி 784. அதன் பின்னர் கொலேஜ் பிள்ளைக்கு 61, லிசே பிள்ளைக்கு 153 யூரோ குறைப்பு உண்டு. பிள்ளைகளின் எண்ணிக்கையை உரிய கட்டத்தில் குறித்தால்தான் இது கிடைக்கும். இறுதியாகச் செலுத்தவேண்டிய வரி 570 யூரோ.

67,000 இல் தொடங்கிய கணக்கு 570 இல் வந்து நிற்கிறது. ஆனாலும் இதுகூடப் புதிதாகக் கட்டவேண்டிய தொகையல்ல. அவ்வாண்டில் இருவரின் சம்பளத்திலிருந்தும் சேர்த்து மாதம் 80 யூரோ வரியாகப் பிடித்திருந்தால், 960 யூரோ ஏற்கனவே கட்டப்பட்டுவிட்டது. ஆகவே 390 யூரோ திரும்பி வரும்.

"எனக்கு வரி இல்லை, பிறகேன் அறிவிக்கவேண்டும்?"

இக்கேள்வியும் படிகளைக் குழப்புவதால் எழுவதே. இதே குடும்பம் 54,000 க்குப் பதிலாக 44,000 யூரோ உழைத்திருந்தால், பங்குகளுக்குரிய வரி 562 யூரோ மட்டுமே. தள்ளுபடி அதைவிடப் பெரியது. ஆகவே மூன்றாம் படியில் பூச்சியம். ஆனால் இரண்டாம் படியில் 39,600 யூரோ வருமானம் இருக்கிறது. சமூக வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும், கொலேஜ், லிசே மாணவர் உதவித்தொகைக்கும் வரி அறிவிப்பிலுள்ள வருமானத் தொகையையே பார்க்கின்றனர். அறிவிக்காதவரிடம் காட்டுவதற்குக் கடிதமே இருக்காது. வரி பூச்சியம் என்பது வருமானம் பூச்சியம் என்று பொருள்படாது.

இளையோருக்கு ஒரு வேண்டுகோள். impots.gouv.fr தளத்தில் பெற்றோரின் சம்பளம் 1AJ, 1BJ என்ற கட்டங்களில் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும். அதனை அப்படியே ஏற்று அழுத்திவிடாதீர்கள். டிசம்பர் மாதச் சம்பளச் சிட்டையில் ஆண்டு முழுவதற்குமான 'நெத் அம்போசாபிள்' கூட்டுத்தொகை இருக்கும். காலையில் ஓரிடத்திலும் மாலையில் வேறிடத்திலும் வேலை செய்யும் பெற்றோருக்கு இரு சிட்டைகளையும் கூட்டிப் பாருங்கள். வேலை மாறியவராயின் முன்னைய இடத்தின் கடைசிச் சிட்டையையும் சேருங்கள். கூட்டுத்தொகை பொருந்தாவிட்டால் கட்டத்தைத் திருத்துங்கள். அனுப்பிய பின்னர் தவறு தெரிந்தாலும், கோடையில் அறிவிப்பு வந்த பின்பு டிசம்பர் வரை இணையத்திலேயே திருத்துவதற்கு வழியுண்டு.

அடுத்த முறை "வருமானம் எவ்வளவு?" என்று எவராவது கேட்டால், முதலில் "எந்தப் படியில்?" என்று கேளுங்கள்.