கண்டியில் குடியேறும் குடும்பம்

கண்டி மாநகருக்கு மாற்றலாகி வருகின்ற குடும்பத்தினர் பெரும்பாலும் முதலில் வீட்டைத் தேடுகின்றனர். வீடு கிடைத்தபின் பாடசாலையைத் தேடுகின்றனர். பாடசாலை கிடைத்தபின்னரே அதற்குச் செல்லும் வழியைப் பற்றிச் சிந்திக்கின்றனர். இவ்வரிசை வேறு ஊர்களில் பெருந்தீங்கு செய்யாது. கண்டியிலோ இதனைத் தலைகீழாக்குதலே நலம். முதலிற் பாடசாலை, அடுத்து வழி, இறுதியில் வீடு என்பதே இந்நகர் கற்பிக்கும் வரிசையாகும். அதன் காரணத்தை அறிய நகரின் அமைப்பைக் கொஞ்சம் நோக்குதல் வேண்டும்.

கண்டி, குன்றுகள் சூழ்ந்த ஒரு கிண்ணம் போன்றது. அக்குன்றுகளுக்கு அப்பால் மகாவலி கங்கை மேற்கு, வடக்கு, கிழக்கு ஆகிய திசைகளில் வளைந்து ஓடுகின்றது. ஆதலின் வெளியிலிருந்து நகருட் புகும் பெருவழிகள் மிகச் சிலவே. கொழும்பிலிருந்து வருவோர் பேராதனைப் பாலத்தையும், மாத்தளை, குருநாகல் வழி வருவோர் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தையும், குண்டசாலை, திகன பகுதியினர் தென்னக்கும்புரப் பாலத்தையும் கடந்து வருகின்றனர். காலை ஏழரை மணிக்குப் பாடசாலைகள் தொடங்குகின்றன. அலுவலகங்கள் அதனையடுத்துத் திறக்கின்றன. அவ்வேளையிற் பாலத்துக்கு அப்பாலிருந்து வருகின்ற எல்லா வண்டிகளும் இச்சில வாயில்களிலேயே நெருங்கி நிற்கும். பிற்பகலில் பாடசாலை விடும் வேளையிலும் அதே நெருக்கடி மீண்டும் தோன்றும். பேராதனையும் கட்டுகஸ்தோட்டையும் நகரிலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர் தொலைவே உடையன. எனினும் அத்தொலைவைக் கடக்கும் நேரத்தைக் கிலோமீற்றரால் அளத்தல் இயலாது.

இனி ஒரு குடும்பத்தின் நிலையை எண்ணிப் பார்ப்போம். தந்தை அரச வங்கியொன்றில் உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு இடமாற்றம் பெற்றுள்ளார். மகன் எட்டாம் தரத்திற் பயில்கின்றான். மகள் டிசம்பரில் ஐந்து வயதை நிறைவு செய்கின்றாள். வருகின்ற ஜனவரியில் தரம் ஒன்றிற் சேர வேண்டியவள். குண்டசாலையில் விசாலமான வீடொன்று குறைந்த வாடகைக்குக் கிடைக்கின்றது. வத்தப்புலுவையில் அதைவிடச் சிறிய வீடு, அதே வாடகைக்கு உள்ளது. எதனை எடுப்பது?

இவ்வினாவுக்கு விடை மகளின் பாடசாலையிலிருந்தே தொடங்குகின்றது. ஜனவரி 31ஆம் திகதியன்று ஐந்து வயது நிறைந்திருந்தால் தரம் ஒன்றிற் சேரலாம். ஆகவே வயதைப் பற்றி அச்சமில்லை. ஆனால் கல்வியமைச்சின் சுற்றறிக்கை வழக்கமாக முந்திய ஆண்டின் நடுப்பகுதியிலேயே விண்ணப்பங்களைக் கோருகின்றது. அக்டோபரில் வந்திறங்கும் குடும்பம் பெரும்பாலும் அத்திகதியைத் தவற விட்டிருக்கும். அதன்பின் வலயக் கல்விப் பணிமனையை அணுகி, வெற்றிடமுள்ள பாடசாலையைக் கேட்டறிவதே வழியாகும். எனவே இடமாற்றம் வரும் என்ற குறிப்புத் தெரிந்தவுடன், வீடு பாராமலே, சுற்றறிக்கையை வாங்கிப் படித்தல் வேண்டும்.

அரச பாடசாலைகளில் தரம் ஒன்றுக்குரிய இடங்களுட் பெரும்பங்கு அயலில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு உரியது. வசிப்பிடம் இரண்டு வகையில் அளக்கப்படுகின்றது. ஒன்று ஆவணம், மற்றொன்று தூரம். ஆவணத்தில் முதன்மை பெறுவது வாக்காளர் இடாப்பு. தாயும் தந்தையும் அம்முகவரியில் எத்தனை ஆண்டுகளாகப் பதிவாகியுள்ளனர் என்பதற்கேற்பப் புள்ளிகள் கூடும். நேற்று வந்த வாடகைக்காரருக்கு இதிற் கிடைப்பது சொற்பமே. தூரத்தைப் பொறுத்தவரை, விரும்பிய பாடசாலையைவிட வீட்டிற்கு அருகில், பிள்ளை சேரக்கூடிய வேறு அரச பாடசாலைகள் இருப்பின், அவை ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழிக்கப்படும். பல ஆண்டுகளாக வெளிவந்த சுற்றறிக்கைகளில் இக்கழிவு ஒரு பாடசாலைக்கு ஐந்து புள்ளியாக இருந்துள்ளது.

தமிழ் மொழிமூலம் பயிலும் பிள்ளைக்கு இவ்விதியில் ஒரு நுட்பம் உண்டு. தர்மராஜா, மகாமாயா போன்ற சிங்கள மொழிமூலப் பாடசாலைகளின் அருகில் வசித்தல் தமிழ்ப் பிள்ளைக்கு நன்மையும் செய்யாது, தீமையும் செய்யாது. கண்டி இந்து சிரேஷ்ட பாடசாலை, முஸ்லிம் மகளிர்க்குரிய பதியுதீன் மஹ்மூத் கல்லூரி முதலிய தமிழ் மொழிமூலப் பாடசாலைகள் எங்குள்ளன என்பதே கணக்கிற்குரியது. திரித்துவக் கல்லூரி கட்டணம் பெறும் தனியார் பாடசாலை. அதற்கு அனுமதி முறை வேறு.

கடமை நிமித்தம் இடமாற்றம் பெற்ற அரச ஊழியர்க்கும் அரச வங்கி, கூட்டுத்தாபன ஊழியர்க்கும் தனிப்பிரிவு உண்டு; எனினும் அதற்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் மிகச் சிலவே. நம் குடும்பம் இப்பிரிவில் விண்ணப்பிக்கலாம். வீட்டு ஒப்பந்தத்தைப் பதிவு செய்தலும், கிராம உத்தியோகத்தரிடம் சென்று பழைய இடத்துப் பெயரை நீக்கிப் புதிய இடாப்பிற் சேர்த்துக்கொள்ளுதலும் முதல் மாதத்திலேயே முடிய வேண்டும். பிறர் முகவரியைக் காட்டி விண்ணப்பிப்போரும் உளர். பாடசாலையிலிருந்து வீடு பார்க்க வருவோர் முன்னறிவித்து வருவதில்லை. பொய் வெளிப்படின் பிள்ளையின் அனுமதியே நீங்கும்.

மகனின் நிலை வேறு. இடைத்தரத்தில் வெற்றிடம் இருந்தாற்றான் இடம். விடுகைப் பத்திரத்துடன் முன்னரே அதிபரைச் சந்தித்து, அவன் பயிலும் அழகியற் பாடம் அங்கே கற்பிக்கப்படுகின்றதா என வினவுதல் வேண்டும். பத்தாம், பதினோராம் தரங்களிற் பயிலும் பிள்ளையாயின், சாதாரண தரப் பரீட்சைக்குரிய பாடத் தெரிவு முடிந்துவிட்டமையால், பரீட்சை முடியும்வரை பழைய ஊரிலேயே உறவினரிடம் விட்டு வருதல் பல வேளைகளில் நல்லது.

இனி வழி. இரு வீடுகளையும் ஞாயிற்றுக்கிழமை சென்று பார்த்தல் ஏமாற்றந்தரும். பாடசாலை நாளொன்றில், காலை ஆறரை மணிக்கு அவ்வீட்டு வாயிலிலிருந்து பஸ் வண்டியிற் புறப்பட்டுப் பாடசாலை வாயிலை அடையும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். குண்டசாலைப் பிள்ளை நாள்தோறும் தென்னக்கும்புரப் பாலத்தைக் கடக்கவேண்டும். வத்தப்புலுவை ஆற்றின் இக்கரையிலேயே உள்ளது. ஆகவே இரு பிள்ளைகளும் நகரிற் கற்பதாயின் சிறிய வீடே சிறந்தது. ஒருவேளை மகளுக்குக் குண்டசாலைப் பக்கத்திலேயே நல்ல தமிழ்ப் பாடசாலையில் இடம் கிடைத்தால், கணக்கு மாறிவிடும்.

வைத்தியசாலையையும் இவ்வாறே ஆற்றுடன் சேர்த்து எண்ண வேண்டும். கண்டி தேசிய வைத்தியசாலை நகருள் உள்ளது. பேராதனைப் பக்கத்தில் போதனா வைத்தியசாலையும், சிறுவர்க்கென அமைந்த சிறிமாவோ பண்டாரநாயக்க வைத்தியசாலையும் உள்ளன. இவை அரசினருடையவை; சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆஸ்துமா போன்ற நோயுள்ள குழந்தை இருப்பின், காலை நெருக்கடியில் பாலம் குறுக்கிடாத வைத்தியசாலை எதுவென வீடெடுக்குமுன் அறிதல் வேண்டும். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். சந்தையைப் பற்றிக் கவலை வேண்டா. நகர மத்திய சந்தையிலும் கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெருவிலும் மலைநாட்டுக் காய்கறிகள் கிடைக்கும்; வாரம் ஒருமுறை சென்றாலே போதும்.

வீட்டைத் தெரிந்தபின் ஒன்றை மட்டும் மறக்கலாகாது. 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகளால் பல உயிர்களைக் கொண்டது. சரிவில் அமைந்த வீட்டின் பின்புறத்தை நடந்து பார்க்க வேண்டும். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், திடீரெனத் தோன்றிய கலங்கல் ஊற்று, நிலையிற் சிக்கும் கதவுகள் ஆகியன ஆபத்தின் அடையாளங்கள். ஐயமிருப்பின் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் வினவலாம். வாடகை எவ்வளவு குறைந்தாலும் அத்தகைய வீட்டை விட்டுவிட வேண்டும்.

இறுதியாக, சாமான்களை ஏற்றிவரும் நாளை எசல பெரஹரா நடைபெறும் ஜூலை, ஆகஸ்ட் நாட்களில் வைத்துக்கொள்ளலாகாது. அந்நாட்களில் நகர வீதிகள் மூடப்படும். விழா முடிந்து வீதிகள் திறந்தபின், விடியற்காலையில் லொறி பாலத்தைக் கடந்துவிடுமாயின், குடும்பம் அன்று மாலையே புது வீட்டில் அடுப்பு மூட்டலாம்.