வரிக்கு வரி ஆங்கிலம்

(யூபிலி விழாவை முன்னிட்டுப் பாடகற் குழுவினருக்கும் இளைஞர்களுக்கும் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் திருவண்ணாமலைக்கு வெளிநாட்டார் வருவது புதிதன்று. ரமணாசிரமத்தை நாடி வருபவர்களில் சிலர் ஞாயிறு பூசைக்கும் வருகிறார்கள். யூபிலியன்றும் வருவார்கள். நம் பாட்டின் பொருளை அவர்களுக்கு வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொல்ல உங்களில் சிலர் முன்வந்திருக்கிறீர்கள். முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

முன்பிருந்த பங்கில் ஒரு மாதா திருநாள். பாடகர்கள் ஒரு வரி பாடி நிறுத்துவார்கள்; நான் உடனே ஒலிபெருக்கியில் ஆங்கிலம் சொல்வேன். பாட்டின் அமைப்பு விளங்க, அதே மாதிரி இரண்டு வரிகளை நானே கட்டித் தருகிறேன்:

பிழைசெய்த பிள்ளையென்று என்னைப் புறந்தள்ளும்
தாயல்ல நீ, மரியே.

முதல் வரி முடிந்ததும், "பிழை செய்தவன் என்று என்னைத் தள்ளிவிடுகிறாய்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அடுத்த வரியில்தானே "அல்ல" வருகிறது! நான் தடுமாறித் திருத்துவதற்குள் பாட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டது. பூசை முடிந்ததும் ஒரு வயதான அம்மையார் என்னிடம் வந்து, "உங்கள் மக்கள் மாதாவின் மேல் ஏன் இத்தனை வருத்தமாயிருக்கிறார்கள்?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தவறு எங்கே? தமிழில் வினையும் எதிர்மறையும் வாக்கியத்தின் கடைசியில் நிற்கும்; ஆங்கிலத்தில் அவை முன்னாலேயே வந்துவிடும். ஆகவே வரியை எண்ணாதீர்கள், வாக்கியத்தைப் பாருங்கள். இதற்கு அடையாளம் உண்டு. வரியின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். "புறந்தள்ளும்" என்பது இங்கே பெயரெச்சம். யாரைக் குறிக்கிறது என்பது அடுத்த சொல்லில்தான் தெரியும். "தேடி", "அழுது" போன்ற வினையெச்சமானால், முடிக்கும் வினை இனிமேல்தான் வரவேண்டும். வரி எச்சத்தில் நின்றால் வாய் திறக்காதீர்கள். இரண்டு வரியும் முடியட்டும்; பிறகு ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள்: "மரியே, பிழை செய்த பிள்ளை என்று என்னைத் தள்ளிவிடுகிற தாய் நீ அல்ல." இதை அப்படியே ஆங்கிலமாக்கினால் போதும்.

அச்சிட்டுக் கொடுப்பதானால், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூன்று வரிசை எழுதுங்கள். முதலாவது, தமிழ் ஓசை ஆங்கில எழுத்தில். விருந்தினர் கூடவே பாடலாம். இரண்டாவது, சொல்லுக்குச் சொல், தமிழ் வரிசையிலேயே. எந்தச் சொல் எங்கே என்று கண்டுகொள்ளலாம். மூன்றாவது, நல்ல ஆங்கில வாக்கியம். இரண்டாவதை மட்டும் கொடுத்தால் உளறலாகும். மூன்றாவதை மட்டும் கொடுத்தால் பாட்டில் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

இனி, எவ்வளவு முயன்றாலும் கடல் தாண்டாத சில உண்டு. முதலாவது, "நீ". நாம் பாட்டில் கடவுளை "நீ" என்றழைப்பது மரியாதைக் குறைவால் அல்ல, உறவின் நெருக்கத்தால். செபத்தில் "நீர்" என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டும் "யூ"தான். பழைய "தௌ" ஒருகாலத்தில் நெருக்கத்தின் சொல்லாக இருந்தது. இன்றைய காதுக்கோ அது எட்ட நிற்கும் சொல். எனவே "யூ" என்றே எழுதி, தாளின் தலைப்பில் ஒரு வரி விளக்கம் சேருங்கள்.

மற்றொன்றுக்கு உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. ரமணர் விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில் பாடியது அக்ஷரமணமாலை. 108 கண்ணிகள்; முதலெழுத்துகள் தமிழ் அகரவரிசையில் செல்ல, ஒவ்வொன்றும் அருணாசலத்தை அழைத்து முடியும். ஆங்கிலத்தில் அதை "மாரிட்டல் கார்லண்ட் ஆஃப் லெட்டர்ஸ்" என்கிறார்கள். தலைப்பிலேயே சிக்கலைப் பாருங்கள். "அக்ஷரம்" எழுத்துமாகும், அழியாததுமாகும். "மணம்" திருமணமுமாகும், நறுமணமுமாகும். ஆங்கிலம் ஒவ்வொன்றிலும் ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது. அகரவரிசையோ மொழிபெயர்ப்பில் நிற்காது.

நம் வேதாகமத்திலும் இதே கதைதான். 119-ஆம் சங்கீதம் (பழைய இலத்தீன் எண்ணில் 118) எபிரேய 22 எழுத்துகளுக்கும் எட்டெட்டு வசனமாக 176 வசனம் கொண்டது. பல மொழிபெயர்ப்புகளில் அந்த எழுத்துகளின் பெயர்கள் தலைப்பாக மட்டுமே நிற்கின்றன. மொழிபெயர்த்தவர்கள் பொருளைக் காப்பாற்றி, எழுத்து விளையாட்டு இருந்தது என்பதற்கு அடையாளம் மட்டும் வைத்தார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இரட்டைப் பொருளில் பாட்டுக்கு எது வேண்டுமோ அதை வாக்கியத்தில் வையுங்கள்; மற்றதைக் கீழே ஒரு வரியில் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. எழுதிய ஆங்கிலத்தைப் பாட்டே அறியாத ஒருவரிடம் கொடுத்து, "இதில் யார் யாரிடம் என்ன கேட்கிறார்?" என்று வினவுங்கள். அவர் சரியாகச் சொன்னால் அச்சுக்குக் கொடுக்கலாம். அன்று நான் இதைச் செய்திருந்தால், அந்த அம்மையார் என்னிடம் வேறு கேள்வி கேட்டிருப்பார்.

ஆண்டவர் உங்கள் முயற்சியை ஆசீர்வதிப்பாராக.