மச்சத்தைப் பார்ப்போம், உள்ளங்காலையும் சேர்த்து

இன்னைக்குப் பேசப்போறது மச்சத்தைப் பற்றி. மச்ச பலன் இல்லை, பயப்படாதீங்க. எந்த மச்சத்தை அப்படியே விட்டுவிடலாம், எதை டாக்டரிடம் காட்டணும் என்பதைத்தான் சொல்லப்போறேன்.

போன வருஷம் ஊரில் ஒரு கல்யாணம். முதல் நாள் ராத்திரி அத்தைக்கு நான் மருதாணி வைத்துக்கொண்டிருந்தேன். இடது குதிகாலில் கறுப்பாக ஒரு தழும்பு கண்ணில் பட்டது. "என்ன அத்தை இது?" என்று கேட்டேன். "முள்ளு குத்தின இடம்டி, ஒரு வருஷமா இருக்கு" என்றார். அத்தைக்குக் கவலை எல்லாம் கன்னத்து மச்சத்தின் மேல்தான். அது சின்ன வயதிலிருந்தே இருக்கிறது, கொஞ்சம் புடைத்திருக்கும், அதில் ஒரு முடியும் உண்டு.

மெலனோமா என்பது தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய். அதைச் சீக்கிரமே சந்தேகிக்க 1985-ல் நியூயார்க் தோல் மருத்துவர்கள் நான்கு கேள்விகளை வகுத்தார்கள். வடிவம், ஓரம், நிறம், விட்டம் ஆகிய நான்கையும் பார்க்கணும். ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்தை வைத்து இதை 'ஏபிசிடி' என்பார்கள். அந்த ராத்திரி அத்தையின் இரண்டு மச்சங்களிலும் இதைப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் வடிவம். மச்சத்தின் நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்க. இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒன்று போல இருக்கணும். கன்னத்து மச்சம் உளுந்து வடை மாதிரி உருண்டையாக இருந்தது. குதிகாலில் இருந்ததோ ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் வால் போல நீண்டிருந்தது. அடுத்தது ஓரம். கன்னத்தில் இருந்ததற்கு ஓரம் தெளிவாக இருந்தது. குதிகாலில் ஈரத்தாளில் பட்ட மை மாதிரி, எங்கே முடிகிறது என்றே சொல்ல முடியவில்லை. நிறத்திலும் வித்தியாசம். முன்னது முழுக்க ஒரே பழுப்பு. பின்னதில் பழுப்பு, கறுப்பு, ஓரிடத்தில் சாம்பல் என்று மூன்று நிறம்.

கடைசியாக விட்டம். 6 மில்லிமீட்டருக்கு மேல் போனால் கவனிக்கணும் என்பது கணக்கு. பென்சிலின் பின்பக்க ரப்பர் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். கன்னத்தில் 7, குதிகாலில் 11. கன்னத்து மச்சமும் கோட்டைத் தாண்டிவிட்டது, பார்த்தீங்களா? ஆனால் அதில் மற்ற மூன்றும் சரியாக இருந்தது, பல வருஷமாக மாறவும் இல்லை. அளவை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம் என்பது இதனால்தான்.

இந்த நான்குக்கும் ஒரு குறை உண்டு. சில மெலனோமா சின்னதாக, உருண்டையாக, ஒரே நிறத்தில் இருந்துகொண்டே வேகமாக வளரும். அதனால் பின்னாளில் 'மாற்றம்' என்ற ஐந்தாவது கேள்வியையும் சேர்த்தார்கள். சில வாரங்களில், மாதங்களில் பெரிதானாலோ, தடித்தாலோ, ரத்தம் கசிந்தாலோ மற்ற நான்கும் சரியாக இருந்தாலும் காட்டிவிடுங்க.

நாம் ஏன் உள்ளங்காலைப் பார்க்கணும்? நம்மைப் போன்ற மாநிறம், கருநிறத் தோல்காரர்களுக்கு மெலனோமா அபூர்வம்தான். ஆனால் வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி போன்ற வெயில் படாத இடங்களில்தான் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால்விரல் நகத்தின் அடியில்தான் கண்டுபிடித்தார்கள். 1981-ல் இறந்தபோது அவருக்கு வயது 36.

நகத்தில் கறுப்புக் கோடு இருந்தால் உடனே பதற வேண்டாம். நம்மில் நிறைய பேருக்குப் பல நகங்களில் அப்படி இருக்கும். அடிபட்டு உறைந்த ரத்தம் என்றால் நகம் வளர வளர நுனிப்பக்கம் நகர்ந்துபோகும். ஒரே ஒரு நகத்தில் வந்த கோடு, நகராமல் அகலமாகிக்கொண்டே போனாலோ, நகத்தின் அடித்தோலிலும் கறுப்பு பரவினாலோதான் காட்டணும்.

சந்தேகம் இருக்கும் இடத்தை போனில் படம் எடுத்து வையுங்க. பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து, ஃபில்டர் எதுவும் போடாமல் எடுங்க. டாக்டரிடம் காட்ட அது உதவும். அதற்காக, நான்கில் இரண்டு மூன்று சரியில்லாத மச்சத்தை மாசாமாசம் படம் எடுத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. இன்னொன்று, சுண்ணாம்பு வைக்கிறது, நூல் கட்டுகிறது, பார்லரில் சுட்டு எடுக்கிறது எதுவும் வேண்டாம். மேலே இருப்பது போய்விடும், பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சாது, அடியில் இருப்பது அப்படியே இருக்கும்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் அத்தையை அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் விளக்கு வைத்த ஒரு லென்ஸால் இரண்டு மச்சத்தையும் பார்த்தார். கன்னத்தில் இருப்பதைத் தொடவே வேண்டாம் என்றார். குதிகாலில் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். மெலனோமாதான், ஆனால் மேல்தோலைத் தாண்டவில்லை என்று ரிசல்ட் வந்தது. சுற்றியிருந்த நல்ல தோலில் கொஞ்சம் சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தொடைத்தோலை வைத்துத் தைத்தார்கள். கீமோ தேவைப்படவில்லை. இப்போது சொன்ன தேதிக்குச் செக்கப் போய்வருகிறார். கன்னத்து மச்சத்தை எடுக்கவில்லை என்று அத்தைக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.