நாய் சிரிக்கிறதா?

கிளிவெட்டியிலிருந்து திருகோணமலை நகருக்கு நாயைக் கொண்டுபோய், முடி வெட்டிக் குளிப்பாட்ட நினைப்பவர் முதலில் பார்ப்பது கடையின் விளம்பரப் படத்தைத்தான்.

படத்தில் நாய் வாயை அகலத் திறந்திருந்தால் சிரிக்கிறது என்று நினைக்கிறோம். பல நேரம் அது வெக்கை அல்லது பயம். கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிந்தால், காது பின்னே மடங்கி, வால் காலிடுக்கில் போயிருந்தால் அந்த நாய் அமைதியாக இல்லை. ரிப்பன் கட்டிய படத்தைவிட, ஈர முடியோடு உடம்பைத் தளர்த்தி நிற்கும் நாயின் படமே எனக்கு நம்பகமானது.

விளம்பரத்தின் எழுத்தில் என்ன இருக்க வேண்டும்? முடி வெட்டும் மேசையில் நாயின் கழுத்துக்குக் கண்ணிக்கயிறு போடுவார்கள். ஆள் ஒரு நிமிடம் விலகினாலும், நாய் குதித்தால் கழுத்து இறுகிவிடும். ஆகவே "மேசையில் தனியே விடமாட்டோம்" என்ற வரி முக்கியம். அடுத்தது உலர்த்துவது. மூடிய கூட்டுக்குள் சூடான காற்றை அடித்தால், வியர்த்துக் குளிர முடியாத நாயின் உடல் கொதித்துவிடும். பக் போன்ற தட்டை மூக்கு இனங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். துவாயால் துடைத்து, கையில் பிடிக்கும் உலர்த்தியால் மிதமான காற்று அடிப்பதே நல்லது.

கறுப்பு நகத்தில் இரத்தக்குழாய் தெரியாது. கவனமாக வெட்டினாலும் சில சமயம் இரத்தம் வரும். அதை ஒளிக்காமல், நிறுத்தும் தூள் வைத்திருப்பதாக எழுதுபவரை நம்பலாம். விசர்நாய்த் தடுப்பூசி அட்டையைக் கேட்பவரையும்தான்.

"எந்த நாயையும் அடக்குவோம்" என்று எழுதியிருந்தால், அங்கே கொண்டுபோகாதீர்கள்.